வெள்ளவத்தைக்கு வீடு மாறுதல்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

சுகந்தி: கார்த்திகைக் கடைசியில மட்டக்களப்பு கல்லடி வீட்டை விட்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு மாறுறம். சாமான் ஏத்த மூன்று பேரிட்ட விலை கேட்டன். ஒருத்தர் போனிலயே சொல்லிட்டார், அதுதான் ஆகக் குறைவு. அவரையே பிடிப்பமா?

தேவன் அண்ணா: வீட்டைப் பார்க்காமச் சொல்ற விலையை நம்பாதீங்க தங்கச்சி. ஏத்துற அன்றைக்கு வந்து, "இவ்வளவு சாமான் எண்டு சொல்லல்லையே" எண்டு கூட்டிக் கேப்பாங்க. அந்த நேரம் வேற லொறி தேட ஏலாது. மூன்று பேரையும் வந்து பார்த்து எழுத்தில தரச் சொல்லுங்க. பெட்டி, பொதி செய்ற சாமான், இரண்டு பக்கத்து ஆள் கூலி எல்லாம் அதுக்குள்ள அடங்குதா எண்டு பாருங்க. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள்ள பெரிய லொறி போகாட்டி சின்ன லொறிக்கு மாத்துற காசு ஆர் குடுக்கிறது எண்டதையும் எழுதச் சொல்லுங்க.

ரூபன்: அக்கா, கொழும்புக்குத் திரும்பிப் போற லொறியில பாதி இடம் எடுத்தா மலிவு. படங்கு போட்டுக் கட்டினாச் சரி.

தேவன் அண்ணா: மலிவுதான் ரூபன், பங்குனி, சித்திரை எண்டா நானும் ஓம் எண்டுவன். கார்த்திகை மழையில ஒண்ணா. ஓட்டத்தில காத்து படங்கின்ர முன் ஓரத்தைத் தூக்கும், நடுப்பள்ளத்தில தண்ணி தேங்கி ஒழுகும். பாதி லொறி எண்டா வழியில மற்றாக்கள்ட சாமானை இறக்கி ஏத்தவும் வேணும். மூடின பெட்டி லொறி எடுங்க. பகல்ல ஒராள் உள்ள நிண்டு கதவைச் சாத்திப் பாருங்க. கூரையில, கதவு ஓரத்தில வெளிச்சம் தெரியிற இடத்தாலதான் தண்ணி வரும்.

பவளம் சின்னம்மா: புள்ள, கப்பல்ல போறதெண்டா மரப்பெட்டி அடிக்க வேணுமாமே?

சுகந்தி: கப்பல் இல்ல சின்னம்மா, லொறியில கொழும்புக்கு 🙂

ரூபன்: அலுமாரி, செற்றி எல்லாத்தையும் பொலித்தீன் ரோலால நல்லா இறுக்கிச் சுத்துங்க. தண்ணியே போகாது.

தேவன் அண்ணா: செற்றிக்கு, மெத்தைக்குச் சரி. பொலிஷ் போட்ட மரத்தில நேரடியாச் சுத்தக் கூடாது. உள்ள வேர்வை பிடிச்சுப் பொலிஷ் வெள்ளை பூக்கும். முதல் பழைய போர்வை, மூலைக்கு மடிச்ச காட்போட், அதுக்கு மேலதான் பொலித்தீன். போய் இறக்கின உடனே அவிழ்த்து விடுங்க.

சுகந்தி: எங்களிட்ட இரண்டு அலுமாரி. ஒண்டு அப்பாட முதிரை அலுமாரி, கண்ணாடி வச்சது. மற்றது கடையில வாங்கிப் பூட்டின பலகை அலுமாரி.

தேவன் அண்ணா: முதிரையை முழுசா ஏத்தலாம். உள்ள வெறுமையாக்கி, கண்ணாடியைக் கழட்டுங்க. கண்ணாடியைப் படுக்க வச்சாக் குலுக்கத்தில நடுவில உடையும். போர்வையால சுத்தி, இரண்டு மெத்தைக்கு நடுவில நிமிர்த்தி வையுங்க. பலகை அலுமாரி வேற கதை. அது மரத்தூளை அமத்திச் செய்த பலகை. நிண்டபடி 300 கிலோமீற்றருக்கு மேல ஆடினா ஆணி பிடிச்சிருக்கிற துளை பிஞ்சிரும், மறுகா இறுக்க ஏலாது. கழட்டித்தான் ஏத்த வேணும். கழட்ட முதல் பலகை பொருந்துற ஒவ்வொரு இடத்தையும் படம் எடுங்க. ஆணியெல்லாம் ஒரு பையில போட்டு, "அலுமாரி, இடது கதவு" எண்டு எழுதி அந்தப் பலகையிலயே ஒட்டுங்க. தண்ணி பட்டு ஓரம் ஊதினா அது திரும்ப அமராது, அதனால பலகையை லொறித் தரையில வைக்காதீங்க.

பவளம் சின்னம்மா: எங்கட பிரிட்ஜ் போன முறை இடம் மாத்தினதோட பழுதாப் போச்சு. படுக்க வச்சுத்தான் கொண்டு வந்தவங்க.

தேவன் அண்ணா: படுக்க வச்சா கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறும் சின்னம்மா. உடனே போட்டாப் பழுதாகலாம். நிமிர்த்தியே கொண்டு போகவேணும். முதல் நாளே நிப்பாட்டி ஐஸ் உருக விடுங்க. போய் இறக்கிச் சில மணித்தியாலம் கழிச்சுத்தான் கரண்ட் போடுங்க.

சுகந்தி: காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் இருக்கு. அலுமாரி லாச்சியில பூட்டி அனுப்பவா?

ரூபன்: லெமினேட் பண்ணிட்டா மழைக்கும் பயமில்ல அக்கா.

ரேணுகா அன்ரி: வேண்டாம் ரூபன்! லெமினேட் பண்ணின பத்திரத்தைச் சில அலுவலகங்கள் எடுக்காது. பழைய உறுதியில சூடு பட்டா மையும் முத்திரையும் கெடும். சுகந்தி, ஒண்டையும் லொறியில விடாதீங்க. உறுதியைப் புதுசா மடிக்காம, தட்டையான பிளாஸ்டிக் கோவையில வச்சு, சிப் பைக்குள்ள போட்டுக் கையோட கொண்டு போங்க. போக முதல் எல்லாப் பக்கத்தையும் ஸ்கான் பண்ணுங்க. உறுதி இலக்கம், நொத்தாரிசு பெயர், திகதி மூன்றையும் தனியா எழுதி வையுங்க. தொலைஞ்சாக் காணிப் பதிவகத்தில பிரதி தேட அது உதவும்.

சுகந்தி: நகையும் என்னோடதான். லொறிக்காரர் "இன்சூரன்ஸ் இருக்கு" எண்டு சொன்னவர்.

தேவன் அண்ணா: அது பெரும்பாலும் லொறிக்கு உள்ளது, உங்கட சாமானுக்கு இல்ல. சாமானுக்குத் தனிக் காப்புறுதி எண்டாப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்க. ஏத்த முதல் ஒவ்வொரு சாமானையும், இருக்கிற கீறலோட படம் எடுத்துப் பட்டியல்ல இரண்டு பேரும் கையெழுத்து வையுங்க. மிச்சக் காசு இறக்கிப் பார்த்த பிறகு.

ரூபன்: பாதை? மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினா?

தேவன் அண்ணா: அது அன்றைக்குத்தான் தெரியும். லொறி ஒரு நாள் நிண்டா அந்தக் காசு ஆருக்கு எண்டதையும் இப்பவே கேட்டு வையுங்க.

சுகந்தி: ஐப்பசிக்குள்ளயே போயிரலாமோ எண்டும் இப்ப யோசனை வருது. இவரோட கதைச்சுட்டுச் சொல்றன்.