ஊர் திரும்பும்போது கொடுத்த கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

பெரம்பூர்வாசி
தம்மாமில் ஆறு வருடம் எலக்ட்ரீஷியன். அலவன்ஸ் சேர்த்து 3,000 ரியால் சம்பளம். ஒப்பந்தம் முடிய 60 நாளுக்கு முன்பே, "இத்துடன் முடித்துக்கொள்கிறேன், புதுப்பிக்க விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவிட்டேன். கணக்கு முடிக்கிற அன்று அலுவலகத்தில் வேறொரு தாளை நீட்டினார்கள். முழுக்க அரபி. முதல் வரியிலேயே 'இஸ்திகாலா', அதாவது ராஜினாமா. சவூதியில் ஐந்து வருடத்துக்கு மேல், பத்துக்குள் ராஜினாமா செய்தால் சர்வீஸ் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒப்பந்தக் காலம் முடிந்து போனால் முழுதும் உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 7,500, ஆறாம் வருடத்துக்கு 3,000, ஆக 10,500. அந்தத் தாளின்படி 7,000. முத்திரை போட்ட நகலை மேசையில் வைத்தேன். குமாஸ்தா ஒன்றும் பேசாமல் வேறு தாள் அடித்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒடிசாப் பையனிடமும் அதே தாளை நீட்டினார்கள். அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அந்தப் பேனா இன்னும் கண்ணில் நிற்கிறது.

ராயபுரம் சேகர்
எந்த வளைகுடா நாடானாலும் ராஜினாமா என்றால் வெட்டுதான். 2019இல் துபாயிலிருந்து வந்த என் அண்ணனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள்.

தாம்பரம் மீனா
சேகர் சார், அது பழைய சட்டம். 2022 பிப்ரவரியிலிருந்து அமீரகத்தில் ராஜினாமாவுக்காக வெட்டுவது கிடையாது. அங்கே அடி விழுவது வேறு இடத்தில். என் கணவருக்கு ஷார்ஜாவில் சம்பளம் 2,500 திர்ஹாம், அதில் பேசிக் 1,500தான். நான்கு வருடத்துக்கு 7,000 வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். கணக்கு பேசிக்கில்தான்: நாளுக்கு 50, வருடத்துக்கு 21 நாள், ஆக 4,200.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடிதத்தில் நோட்டீஸ் தொடங்கும் தேதி, கடைசி வேலை நாள் இரண்டையும் எழுதுங்கள். எடுக்காத விடுப்பு எத்தனை நாள் என்பதையும் போடுங்கள். அதற்கும் பணம் உண்டு. விசா ரத்துத் தாளில் 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி இருக்கும். பணம் கைக்கு வருமுன் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பணம் தர வேண்டிய 14 நாள் கெடு தாண்டிவிட்டது என்று புகார் கொடுத்தால், அந்தத் தாளையே எடுத்துக் காட்டுவார்கள். ஊருக்கு வந்த பிறகு இங்கிருந்து யாரிடம் போய் நிற்பது?

அம்பத்தூர் குமார்
நான் இங்கே கம்பெனியை விட்டு நின்று எட்டு மாதம் ஆகிறது, பி.எஃப். இன்னும் வரவில்லை. அதற்கும் இப்படித்தான் கடிதம் எழுத வேண்டுமா?

ராயபுரம் சேகர்
மீனா அம்மா, அண்ணனுக்கு ஒப்பந்தத் தாளே கையில் தரவில்லை. பேசிக் எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெரம்பூர்வாசி
குமார், அது வேறு கதை, தனி இழையில் கேளுங்கள். மீனா அக்கா, ஒரு சந்தேகம். என் அறைத் தோழருக்கு இன்னும் 40 நாளில் ஒப்பந்தம் முடிகிறது, நோட்டீஸ் 60 நாள். தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, இனி ராஜினாமாதான் என்கிறார்கள். அவர் கடிதத்தில் என்ன எழுதுவது?