புதுப்பிப்பு: ஆர்ஓ தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கான வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி ரேட்

முன்பு கேட்டது: "எல்லா வீட்டுக்கும் ஒரே ஏஎம்சி ரேட் போடலாமா?"

பழைய ஜாப் கார்டுகளைத் தண்ணீர் வாரியாகப் பிரித்ததும் கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. பழுது அழைப்பையும் சேர்த்தால் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருடம் 4 விசிட், போர் தண்ணீருக்கு 6. பெட்ரோல், ஆள் நேரம் சேர்த்து விசிட்டுக்கு 200 ரூபாய். ஃபில்டர் செட் வருடத்துக்கு 600. மெம்பரேன் 1,600, குழாய்த் தண்ணீரில் 2 வருடம் வருகிறது, போரில் ஒன்றுதான். ஆக வருட அடக்கம் குழாய்த் தண்ணீருக்கு 2,200, போருக்கு 3,400. லாபம் இதற்கு மேல்.

அந்தக் கேள்விக்கு "டிடிஎஸ் பார்த்தால் போதும்" என்று பதில் சொன்ன அண்ணன் பாதி சரி; டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவுதான். மெம்பரேனில் உப்புப் படிவதற்குக் கடினத்தன்மையே முக்கியக் காரணம்; அதையும் சோதித்தே கையெழுத்து வாங்க வேண்டும் என்று மூத்த டெக்னீஷியன் ஒருவர் திருத்தினார். தன் மெஷின் 3 வருடம் பழுதாகவில்லை என்று பதில் சொன்னவருக்கு: அது ஒரு வீட்டுக் கணக்கு.

5 வருடம் தாண்டிய மெஷினுக்குப் பம்ப்பைச் சேர்ப்பதா, இன்னும் முடிவாகவில்லை.