ஸ்கேன் செய்த வங்கி ஸ்டேட்மென்ட்டை எக்செலில் ஏற்றியபோது என்னைக் காப்பாற்றியது மீதிப் பத்தி

தேக்கா கணக்கு அக்கா

சின்னக் கடைகளுக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் தேக்கா பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு மாமா 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஒரு ஃபைலில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் காகிதம். வரிக் கணக்குக்கான பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஐராஸ் சொல்வதால் ஒன்றையும் எறியாமல் வைத்திருந்தார். ஆனால் பழைய மாதங்கள் சில வங்கியின் இணையப் பக்கத்தில் இல்லை.

300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் போட்டு, எக்செலில் ஒட்டினேன். பார்வைக்கு அட்டவணை சுத்தமாக இருந்தது. ஆனால் பற்றையும் வரவையும் கூட்டினால் மாதக் கடைசி மீதி வரவில்லை. முதல் இரண்டு நாள் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். 3, 8 இரண்டும் மங்கலான அச்சில் ஒன்று போலவே இருந்தன.

பிறகுதான் பட்டது, ஸ்டேட்மென்ட்டே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் மீதி அச்சாகியிருக்கிறது. முந்தைய மீதியில் பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் இந்த வரிசையின் மீதி வர வேண்டும். A தேதி, B விவரம், C பற்று, D வரவு, E மீதி என்று வைத்து, F-இல் இதைப் போட்டேன்:

```
=ROUND(E3-(E2-C3+D3),2)
```

சரியான வரிசையில் 0 வரும். ROUND இல்லாவிட்டால் சல்லிக்காசுக்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் தங்கி, சரியான வரிசையும் தப்பு போலத் தெரியும்.

அக்டோபர் மாதத்தைச் சொல்கிறேன். 4ஆம் தேதி மீதி 13,611.95. 6ஆம் தேதி ஜைரோவில் 868.20 போனது, மீதி 12,743.75. ஓசிஆர் அந்த 868.20-ஐ 368.20 என்று படித்திருந்தது. F-இல் -500.00 வந்தது. ஒரே ஓர் இலக்கம், மற்றதெல்லாம் பூஜ்யம் என்றால் ஒரு எழுத்துதான் மாறியிருக்கும். நூறாம் இடத்தில் 5 வித்தியாசம் வருவதற்கு 8 போய் 3 வந்திருக்கலாம் என்று தேடினேன், அதேதான்.

அடுத்த வரிசையில் 275.60 பற்று. F சொன்னது -551.20. சரியாக இரட்டிப்பு. பற்றுப் பத்தியில் இருக்க வேண்டியது வரவுப் பத்திக்குத் தாவியிருந்தது. வரவுக் கட்டம் காலியாக இருந்தால் ஓசிஆருக்கு அங்கே ஒரு பத்தி இருப்பதே தெரிவதில்லை.

அதற்கு அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. 420.00 வரவு, மீதி 12,888.15 ஆக வேண்டும், 12,883.15 என்று வந்திருந்தது. F-இல் -5.00. அடுத்த வரிசையில் 96.50 பற்று, F-இல் +5.00. அடுத்தடுத்து இரண்டு வரிசை, அதே தொகை, எதிர்க் குறி. அப்படி வந்தால் பற்றிலும் வரவிலும் தேட வேண்டாம், முதல் வரிசையின் மீதிதான் தப்பு. பற்று வரவுத் தொகை தப்பானால் அந்த ஒரு வரிசை மட்டும் கத்தும்.

கடைசியாக ஒரு -140.00. எந்த இலக்கத்தை மாற்றினாலும் பொருந்தவில்லை. காகிதத்தில் மாமாவின் கடை முத்திரை ஒரு வரியின் மேல் விழுந்திருந்தது. 140.00 பற்று ஒன்று அந்த மைக்குள் இருந்தது, ஓசிஆர் அந்த வரியையே விட்டுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், -500-ஐப் பார்த்தும் 8 என்று தட்டிவிட்டுப் போகக் கூடாது. விடுபட்ட 500 வெள்ளியாகவும் இருக்கலாம். F இடத்தைத்தான் காட்டும், பதிலைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் பழைய கணக்கர்

நல்ல வேலை, மா. நாங்கள் பேரேடு எழுதின காலத்தில் ஒரு விதி உண்டு. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார். மீதமில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று அர்த்தம். முதலில் அதைச் செய்திருந்தால் இரண்டு நாள் போயிருக்காது.

இன்னொன்று. எக்செலில் தேடி மாற்றும் வசதியில் O எல்லாவற்றையும் 0, S எல்லாவற்றையும் 5, l எல்லாவற்றையும் 1 ஆக்கிவிடு. பாதி வேலை அங்கேயே முடியும்.

செங்காங் தம்பி

அக்கா, ஏன் இவ்வளவு கஷ்டம்? வங்கிச் செயலிக்குள் போய் சிஎஸ்வியாக இறக்கிக்கொள்ளலாமே. நான் ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் செய்கிறேன். இல்லையென்றால் தபுலா என்று ஒன்று இருக்கிறது, பிடிஎஃப்பைக் கொடுத்தால் அட்டவணையைப் பிரித்துத் தரும்.

தேக்கா கணக்கு அக்கா

தம்பி, இறக்க முடிந்த மாதங்களை இறக்கிக்கொண்டேன். நான் சொல்வது காகிதம் மட்டுமே இருக்கும் மாதங்கள். தபுலாவை முயன்றேன், வெற்றுத் தாளாக வந்தது. எழுத்து உள்ளே இருக்கும் பிடிஎஃப்பைத்தான் அது பிரிக்கும். ஸ்கேன் வெறும் படம்.

அங்கிள், மொத்தமாக மாற்றும் வேலையை நானும் ஒருமுறை செய்தேன். விவரப் பத்தியில் SALARY எல்லாம் 5ALARY ஆகிவிட்டது. இப்போது C, D, E மூன்றையும் மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்கிறேன். அப்படிச் செய்தால் உங்கள் யோசனை உதவுகிறது.

ஜூரோங் நிரலர்

அங்கிளின் 9 விதி மனிதக் கைக்கு உரியது. தட்டச்சு செய்பவர்தான் 96-ஐ 69 ஆக்குவார். ஓசிஆர் இடம் மாற்றிப் படிக்காது, ஒன்றை இன்னொன்றாகப் படிக்கும். 8, 3 குழம்பினால் வித்தியாசம் 5. 1, 7 குழம்பினால் 6. 5, 6 குழம்பினால் 1. இதில் எதுவும் 9-ஆல் வகுபடாது.

ஆனால் 99-ஐ மறக்காதீர்கள். மங்கலான ஸ்கேனில் புள்ளி காணாமல் போனால் 1,350.00 என்பது 135000 ஆகிவிடும். வித்தியாசம் 133,650. அதை 99-ஆல் வகுத்தால் 1,350 கிடைக்கும்.

பத்தி தாவுவதற்கு நான் கண்ட வழி இது. ஸ்டேட்மென்ட்டில் தொகைகள் வலப்பக்கம் ஒட்டி அச்சாகும். ஆகவே ஒரு எண்ணின் இடது ஓரத்தைப் பார்த்தால் 96.50 ஓர் இடத்திலும் 12,791.65 இன்னோர் இடத்திலும் தொடங்கும், வலது ஓரம் மட்டும் ஒரே கோட்டில் இருக்கும். டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலிடம் உரையைக் கேட்காமல் இடத்தோடு சேர்த்துக் கேளுங்கள்:

```
tesseract page03.png page03 --psm 6 tsv
```

வரும் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் left, top, width, conf எல்லாம் இருக்கும். left-உம் width-உம் கூட்டினால் வலது ஓரம். 300 டிபிஐயில் ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 2480 புள்ளி. என்னிடம் வந்த ஒரு ஸ்டேட்மென்ட்டில் பற்று 1490 பக்கத்திலும் வரவு 1810 பக்கத்திலும் மீதி 2140 பக்கத்திலும் முடிந்தன. அந்த எல்லையை வைத்துப் பிரித்தால் காலிக் கட்டம் காலியாகவே நிற்கும். தாள் சாய்ந்திருந்தால் இது வேலை செய்யாது, முதலில் நேராக்க வேண்டும்.

conf என்ற நம்பிக்கை மதிப்பெண்ணை மட்டும் நம்பி விடாதீர்கள். தப்பான 3-க்கும் 90-க்கு மேல் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கவலையான ஒன்று. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போதே எண்ணை மாற்றுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். கோப்பைச் சுருக்க ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளை ஒன்றாக்கும் முறையில் 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்கார்ந்தது. அங்கே படமே பொய், ஓசிஆர் சரியாகத்தான் படிக்கும். ஆகவே நான் ஸ்கேன் செய்யும்போது மிகவும் சுருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை, சாம்பல் நிறத்தில் சேமிக்கிறேன், காகிதத்தையும் திருப்பிக் கொடுப்பதில்லை, வேலை முடியும் வரை.

உட்லண்ட்ஸ் பழைய கணக்கர்

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீங்கள் கையால் திருத்தும்போது என் விதி வேண்டும். திருத்துகிறவரும் மனிதர்தானே.

தேக்கா கணக்கு அக்கா

சரியாகச் சொன்னீர்கள் அங்கிள். ஒரு கட்டத்தைத் திருத்திய பிறகு F-இல் -27.00 வந்தது. 96.50-ஐ 69.50 என்று நானே தட்டியிருந்தேன்.

பிடோக் மகள்

நான் வேறொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மாவின் பழைய பாஸ்புக்கை எக்செலில் ஏற்ற ஆசை. புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கிறது. ஓசிஆர் போட்டால் 8 எல்லாம் நட்சத்திரக் குறியாக வருகிறது. அப்பா போன பிறகு அம்மா வீட்டை எப்படி நடத்தினார் என்று அந்த வரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 20 வெள்ளி தனியாகப் போட்டிருக்கிறார்.

ஜூரோங் நிரலர்

புள்ளி அச்சுக்கு, ஓசிஆருக்கு முன்னால் படத்தை லேசாக மங்கலாக்கிப் பிறகு கறுப்பு வெள்ளையாக்குங்கள். புள்ளிகள் ஒட்டிக்கொண்டு கோடாகும். அதிகம் மங்கலாக்கினால் 6-இன் வாய் மூடி 8 ஆகும், இரண்டு மூன்று அளவில் முயன்று பாருங்கள். பாஸ்புக்கிலும் ஒவ்வொரு வரியிலும் மீதி இருக்கும், அக்காவின் F பத்தி அப்படியே பொருந்தும். 40, 50 வரிதான் என்றால் கையால் தட்டுவதே விரைவு.

பிடோக் மகள்

மொத்தம் 11 புத்தகம். முயன்று பார்க்கிறேன்.

புவன விஸ்தா குடும்பஸ்தர்

எனக்கு F பத்தி எல்லாம் 0 வந்தது. ஆனால் SUM போட்டால் பற்று மொத்தம் ஸ்டேட்மென்ட்டின் அடியில் அச்சான மொத்தத்தைவிடக் குறைவு. அரை நாள் போனது.

தேக்கா கணக்கு அக்கா

கட்டத்தில் எண் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். எக்செல் அதை உரையாக எடுத்திருக்கும். கழிக்கும்போது உரையையும் எண்ணாக்கிக்கொள்ளும், அதனால் F சும்மா இருக்கும். SUM உரையைத் தாண்டிப் போய்விடும். =ISNUMBER(C3) போட்டால் FALSE வரும். அவற்றை எண்ணாக்குங்கள்.

புவன விஸ்தா குடும்பஸ்தர்

மூன்று கட்டம் அப்படி இருந்தன. சரியாகிவிட்டது. ஆனால் இன்னொரு வங்கியின் ஸ்டேட்மென்ட்டில் மீதி ஒவ்வொரு வரிசையிலும் இல்லை, நாளின் கடைசி வரிசையில் மட்டும் இருக்கிறது. ஒரு நாளில் பேநவ் வரவு 30 இருக்கும். F-ஐ எப்படிப் போடுவது?

ஜூரோங் நிரலர்

நாள்வாரியாகக் கூட்டிச் சரிபார்க்கலாம். ஆனால் 30 வரிசையில் இரண்டு தப்பு இருந்தால் எது எது என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒன்றையொன்று ஈடுகட்டினால் 0 கூட வரும்.

தேக்கா கணக்கு அக்கா

அங்கே நான் இருவேறு முறையில் ஓசிஆர் எடுக்கிறேன், ஒன்று 300 டிபிஐ, இன்னொன்று 400. வேறுபடும் கட்டங்களை மட்டும் காகிதத்தோடு ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒரே தப்பைப் படித்தால் பிடிபடாது. தேதியும் அப்படித்தான். 01 என்பது 07 ஆனாலும் மீதி ஒன்றும் சொல்லாது. வரிசை முன்னுக்குப் பின் போனால் மட்டும் தெரியும். மாமாவின் ஜூலைத் தாளில் இன்னும் அப்படி ஒரு தேதி இருக்கிறது. முத்திரை அதன் மேலும் விழுந்திருக்கிறது. சனிக்கிழமை கடைக்குப் போய் ரசீதுக் கட்டைப் பார்க்கப் போகிறேன்.