புதுப்பிப்பு: லீவோஃப்ளாக்சசின் மாத்திரையும் அப்பாவின் குதிகால் வலியும்

முன்பு நான் இங்கே கேட்டது: "சளிக்கு லீவோஃப்ளாக்சசின் சாப்பிடும் அப்பாவுக்குக் குதிகாலுக்கு மேலே திடீர் வலி. கோத்தகிரி குளிரா, மாத்திரையா?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மாத்திரைதான் காரணம் என்கிறார் டாக்டர். மெடிக்கல் ஷாப் அண்ணன் சொன்னது சரி: அறுபது தாண்டிய வயது, இழுப்புக்கு ஏற்கெனவே சாப்பிடும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, அதோடு இந்த வகை ஆன்டிபயாடிக், மூன்றும் சேர்ந்தால் குதிகால் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து கூடும். அவர் சொன்னபடி அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட்டோம், வேறு ஆன்டிபயாடிக் எழுதினார். ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது என்றார்.

அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து கெண்டைக்கால் சதையைப் பிடித்து அழுத்தினார், பாதம் கீழ்நோக்கி அசைந்தது, அதனால் அறுபடவில்லை. ஸ்கேனிலும் வீக்கம்தான். இப்போது தேயிலைச் சரிவில் ஏறுவதில்லை.

யூரிக் அமிலம் கூடியதால் வந்த வலியாக இருக்கும் என்றவருக்கு: அதையும் பார்த்தோம், சரியாகவே இருந்தது. லீவோஃப்ளாக்சசினை நிறுத்தினால் வலி போய்விடும் என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. நிறுத்திய பிறகு அடுத்த குதிகாலும் வலித்தது, சில மாதங்கள் கழித்துக்கூட வருமாம்.



இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குதிகாலில் வலி, வீக்கம், காலையில் விறைப்பு இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டாலோ நுனிக்காலில் நிற்க முடியாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.