காலைப் பயிற்சிக்கு வந்தால் 20 ரூபாய்: ஆர்வத்தை வளர்க்குமா, கெடுக்குமா?

களத்துமேட்டு கோச்:
பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களின் வாலிபால் டீமுக்கு நான் கோச். காலை ஐந்தரைப் பயிற்சிக்கு வருகிறவனுக்குத் தலைக்கு 20 ரூபாய் என் கைக்காசிலிருந்து கொடுக்கிறேன். முன்பு பாதிப் பேர் வந்தார்கள், இப்போது மொத்த டீமும் வருகிறது. போன வாரம் ஒரு கூட்டத்தில் ஒருவர் மேடையேறி, காசு கொடுத்தால் உள் ஊக்கம் செத்துவிடும் என்றார். அதற்கு ஆதாரம், மார்க்கர் பேனாவில் படம் வரைந்த குழந்தைகளாம். நர்சரிக் குழந்தையும் பதினேழு வயசுப் பையனும் ஒன்றா? இதை எப்போது நிறுத்துவார்கள்?

சாக்பீஸ்:
மேடையில் பேசியவர் சரியாகத்தான் பேசியிருக்கிறார். பரிசு என்று எதைக் கொடுத்தாலும் அது வெளி ஊக்கம். காசு, கப்பு, மெடல், பாராட்டு எல்லாமே. பி.எட். படித்த எல்லோருக்கும் இது தெரியும். நீங்கள் பசங்களைக் கூலிக்கு ஆள் பிடிக்கிறீர்கள்.

களத்துமேட்டு கோச்:
பாராட்டும் கூடாதா? நல்லா ஸ்மாஷ் அடித்தவனைத் தட்டிக் கொடுக்காமல் என்ன செய்வது, முறைப்பதா? மைதானத்தில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள் சார். அது குழந்தைகளுக்குச் செய்த சோதனை. திரும்பவும் சொல்கிறேன், குழந்தைகள்.

கோட்டுக்கு வெளியே:
இரண்டு பேருமே அந்தச் சோதனையில் பாதியை விட்டுவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து நர்சரியில் செய்தது அது. முதல் விஷயம், எல்லாக் குழந்தைகளையும் எடுக்கவில்லை. ஏற்கெனவே வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே சான்றிதழ், ஆனால் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாமலே தானாகப் போய் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பரிசு கொடுத்த பிரிவு சுமார் 9 சதவீத நேரம். சொல்லாமல் கொடுத்த பிரிவு 18. ஒன்றும் பெறாத பிரிவு 17.

சாக்பீஸ் சார், சொல்லாமல் கொடுத்த பரிசு ஒன்றையும் கெடுக்கவில்லை. "எந்தப் பரிசும் கூடாது" என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? கோச் சார், உங்கள் 20 ரூபாய் முதல் வகை. "வந்தால் உண்டு" என்று முந்தின நாளே பேசி வைத்த பரிசு.

களத்துமேட்டு கோச்:
எல்லாம் சரி. வயசு?

கோட்டுக்கு வெளியே:
வயசுதான் வேண்டுமா? அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1971இல், எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்துவிட்டார். சோமா என்ற கட்டைப் புதிர். ஒரு பிரிவுக்கு நடுவில் ஒரு அமர்வில் மட்டும் புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர். சாமர்த்தியம் என்னவென்றால், ஒவ்வொரு அமர்விலும் எட்டு நிமிஷம் அவர் அறையை விட்டு வெளியே போய்விடுவார். மேஜையில் பத்திரிகைகளும் கிடக்கும். அந்த எட்டு நிமிஷத்தில் யார் புதிரைத் தொடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. காசு வாங்கியவர்கள், காசு நின்றபிறகு முன்பைவிடக் குறைவாகத் தொட்டார்கள். பசங்களிடம் "உனக்கு ஆர்வம் இருக்கா" என்று கேட்டால் இருக்கு சார் என்பான். நீங்கள் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால்தான் தெரியும்.

பழைய செட்டர்:
24 பேரை வைத்துச் செய்த சோதனைதானே அது? வித்தியாசமும் சின்னது. அதை விடுங்கள். நான் விளையாட்டு விடுதியில் இருந்தவன். கோயில் திருவிழா டோர்னமென்ட்டுக்குப் பந்தயப் பணத்துக்காகத்தான் போவோம். பணம் வந்ததால் ஆட்டம் கசக்கவில்லை. கசந்தது எப்போது தெரியுமா? ஒரு மேட்ச் தோற்றதற்கு எங்கள் கோச் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்காதபோது. அவர் பத்து ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. காசைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த மூஞ்சியைப் பற்றி யாராவது பேசுங்கள்.

நிலா அம்மா:
என் மகள் பிளஸ் டூ. நீட் கோச்சிங்கில் வாராவாரம் டெஸ்ட் வைத்து, முதல் மூன்று ரேங்க்குக்கு மேடையில் பரிசு கொடுக்கிறார்கள். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். அவள் இப்போது டெஸ்ட்டில் வராத பாடத்தைத் தொடுவதே இல்லை. முன்பெல்லாம் தவளைப் படம் வரைந்து சுவரில் ஒட்டுவாள். கோச் சார், உங்கள் சென்டரிலும் இப்படித்தானா? பீஸ் எவ்வளவு?

களத்துமேட்டு கோச்:
அம்மா, நான் வாலிபால் கோச்.

சாக்பீஸ்:
கோச்சைத் தவறாக நினைத்திருந்தாலும் அம்மா சொன்னதுதான் விஷயம். பரிசு வந்தது, தவளை போய்விட்டது. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

கோட்டுக்கு வெளியே:
மூன்று பேருக்குப் பரிசு, மற்ற எல்லோரும் கைதட்ட வேண்டும் என்பது வேறு கதை சார். அங்கே தோற்றவன் நிலைமைதான் பிரச்சினை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அப்புறம், பாராட்டும் கெடுக்கும் என்றீர்களே. 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே பேசிக் கையில் கொடுக்கும் பரிசு ஆர்வத்தைக் குறைத்தது. வாயால் சொன்ன நல்ல வார்த்தை கல்லூரி மாணவர்களிடம் ஆர்வத்தைக் கூட்டியது.

சாக்பீஸ்:
1994இல் கேமரனும் பியர்ஸும் இதேபோல் சேர்த்துப் பார்த்து, பரிசால் பெரிதாகக் கெடுதல் இல்லை என்றார்களே, அதை ஏன் மறைத்தீர்கள்?

பழைய செட்டர்:
சார், அது உங்கள் கட்சிக்கு எதிரான ஆய்வு.

களத்துமேட்டு கோச்:
அந்த 128இலேயே, கையில் கொடுக்கும் பரிசு பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதித்தது என்றும் இருக்கிறதே. நானும் படிப்பேன். ஆக வயசு வேறுதான். இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

கோட்டுக்கு வெளியே:
குறைவாகப் பாதிக்கும் என்றால் பாதிக்காது என்று அர்த்தமில்லை. சரி, ஆய்வை மூடி வைப்போம். உங்கள் மைதானத்திலேயே பார்க்கலாம். பயிற்சி முடிந்ததும் பந்துகளைக் கூடையில் போட்டுப் பூட்டாமல், நெட்டையும் அவிழ்க்காமல், போன் பேசுவதுபோல் கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள். ஒரு கால் மணி நேரம் போதும். எவன் பந்தைத் தொடுகிறான், எவன் நேராகச் செருப்பை மாட்டுகிறான் என்று பாருங்கள். நாலைந்து நாள் பாருங்கள். காசு தொடங்கிய பிறகு "இன்னைக்கு உண்டா சார்?" என்று கேட்கிறவன் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். சீக்கிரம் வந்து பேர் கொடுத்துவிட்டு ரிசீவ் பயிற்சியில் மரம்போல் நிற்கிறவன் இருந்தால், அவன் வந்தது பேர் கொடுக்க.

இன்னொன்று. காலை ஓட்டமும் ரிசீவும் யாருக்கும் ஜாலி கிடையாது. அதை ஜாலியாக்கப் பார்க்க வேண்டாம். பிடிக்காததையும், ஏன் தேவை என்று தெரிந்தால் பையன் தன் வேலையாக எடுத்துச் செய்வான். பெரிய வகுப்புப் பசங்களுக்கு இதை உட்கார்த்தி வைத்தே சொல்லலாம். நான் சொன்ன விதம் இது: போன மேட்ச்சின் ஒரு செட்டை அவர்களையே தாளில் எழுதச் சொன்னேன். 25-18 என்று தோற்ற செட். எதிரணியின் 25இல் எட்டு, நம் முதல் பாஸ் கெட்டதால் போனது. அவர்களே எண்ணினார்கள், நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் இரண்டு ரிசீவ் பயிற்சியைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் தேர்ந்தெடுத்தது இரண்டில் கஷ்டமானது. பயிற்சியில் "சூப்பர்டா" என்று கத்தவில்லை. "கையை வீசாமல் காலை நகர்த்திப் போய் எடுத்தாய், அதனால்தான் பந்து செட்டர் தலைக்குப் போனது" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் தன் காலைத் தானே பார்க்க ஆரம்பித்தான்.

களத்துமேட்டு கோச்:
தாள், பேனா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முதலில் பையன் படுக்கையை விட்டு எழுந்து வரணுமே? வராதவனிடம் எந்தத் தாளை நீட்டுவீர்கள்? குழந்தைகள் சோதனையில் ஆசை உள்ளவர்களை மட்டும்தான் எடுத்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். என்னிடம் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஆசையே இல்லை. இல்லாத ஆசையை 20 ரூபாய் எப்படிக் கொல்லும்?

கோட்டுக்கு வெளியே:
ஆசை இல்லாதவனுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் புரிகிறது. ஆசையோடு முன்பே வந்துகொண்டிருந்த அந்தப் பாதிப் பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்களே, அவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

பழைய செட்டர்:
ஒருவனுக்குக் கொடுத்து ஒருவனுக்குக் கொடுக்காமல் இருந்தால் டீமில் அடிதடிதான் நடக்கும். அண்ணே, நீங்கள் விடுதியில் இருந்ததில்லை. மினி பஸ் பிடித்து வருகிற பையனுக்கு 20 ரூபாய் ஊக்கமும் இல்லை, லஞ்சமும் இல்லை, டிக்கெட். அதை டிக்கெட் காசு என்று சொல்லித் தூரத்துப் பசங்களுக்குக் கொடுத்தால் ஒருத்தனும் கேட்கமாட்டான்.

சாக்பீஸ்:
பெயரை மாற்றினால் பரிசு பரிசாக இல்லாமல் போய்விடுமா?

கோட்டுக்கு வெளியே:
போகும் சார். வேலைக்குக் கூலியா, வந்துசேரச் செலவா என்று பையன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்பதுதான் இங்கே முக்கியம். அமெரிக்கக் கல்லூரிகளில் ரயன் பார்த்தது இதுவே. உதவித்தொகையில் ஆடிய ஃபுட்பால் பையன்களுக்கு ஆட்டம் ருசிக்கவில்லை. உதவித்தொகை வாங்கிய மல்யுத்தப் பையன்களுக்கு அப்படி இல்லை. ஒரே காசுதான். ஃபுட்பாலில் அது கோச் கையில் இருந்த கடிவாளம். மல்யுத்தத்தில் அபூர்வமாகக் கிடைத்ததால், நீ திறமைசாலி என்ற அத்தாட்சி. போன வருஷம் தேர்வு முகாம் பற்றிய விவாதத்திலும் இதைத்தான் சொன்னேன், அப்போதும் சாக்பீஸ் சார் பாதி படித்துவிட்டுத்தான் பதில் போட்டார்.

சாக்பீஸ்:
அந்த விவாதத்தை இழுக்காதீர்கள். அன்றைக்கு உங்கள் டீம் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற கோபம் உங்களுக்கு.

கோட்டுக்கு வெளியே:
இடம் கிடைக்க வேண்டிய பையன் அவன். அதில் இன்றைக்கும் மாற்றமில்லை.

நிலா அம்மா:
அப்படியென்றால் என் மகளுக்கு மேடைப் பரிசு வேண்டாம் என்று சென்டரில் சொல்லலாமா, கூடாதா? யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

களத்துமேட்டு கோச்:
நாளைக்கும் 20 ரூபாய் உண்டு. பந்தை வெளியே விட்டுப் பார்க்கச் சொன்னீர்கள், பந்து காணாமல் போனால் ஹெச்.எம்.முக்கு யார் பதில் சொல்வது? இன்னும் ஒருவரும் வயசுக்குப் பதில் சொல்லவில்லை.

கோட்டுக்கு வெளியே:
டெசியின் ஆட்கள் கல்லூரி மாணவர்கள். மூன்றாவது முறையாக எழுதுகிறேன். பந்துக்கு நான் பொறுப்பு, பூட்டாமல் விடுங்கள்.