மாதவிடாய் விடுப்பு கேட்டு எழுதியிருக்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்

தோழிகளே, மண்டபத்தில் ஒரு இறால் பதப்படுத்தும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதவிடாய் வலிக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பது எங்கள் நிறுவன விதி. மருத்துவச் சான்று வேண்டாம், காலை 8 மணிக்குள் மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும்.

போன மாதம் அடிவயிறு பிடித்து இழுத்ததில் நிமிரவே முடியவில்லை. கூச்சப்பட்டு "உடம்பு சரியில்லை" என்று மட்டும் அனுப்பினேன். நோய் விடுப்பில் ஒரு நாள் கழிந்துவிட்டது. காரணத்தைச் சொல்லாவிட்டால் அவர்களும் வேறு எப்படிப் பதிவார்கள்?

இந்த முறை இப்படி:

"வணக்கம் சார். மாதவிடாய் வலியால் இன்று வேலைக்கு வர இயலவில்லை. இன்றைய நாளை மாதவிடாய் விடுப்பாகப் பதிவு செய்யுங்கள். நேற்று வரையிலான இறால் வரவுக் கணக்கை முடித்துவிட்டேன். நாளை வருகிறேன்."

முதலில் "மன்னிக்கவும்" என்று தொடங்கியிருந்தேன், எடுத்துவிட்டேன். உரிய விடுப்புக்கு மன்னிப்பு எதற்கு? மாத்திரை, ரத்தப்போக்கு விவரமும் சேர்க்கவில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. வலி மறுநாளும் நீடித்தால், அந்த நாளை நோய் விடுப்பாகத் தனியே கேட்க வேண்டுமா, இதிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடலாமா? இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் சொல்லுங்கள் அக்கா.