காலணையா, கீலா, கால்மானமா? திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, கணக்கு ஆசிரியை

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். இங்கே கேரளத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு தோட்டத்தில் 15 தென்னை மரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வருடத்தில் கொடுத்த காய்கள். நோட்டில் இருந்த வரிசை இதுதான்:

62, 75, 48, 83, 66, 57, 108, 71, 39, 79, 62, 54, 86, 68, 73

இதைத் தண்டு-இலை வரைபடமாகவும் பெட்டி வரைபடமாகவும் கையால் வரைய வேண்டும். தாள்கள் வந்துவிட்டன. திருத்த உட்கார்ந்தால் இரண்டு சிக்கல். பெட்டியின் இடது ஓரம், அதாவது கீழ்க் கால்வாசி பிரியும் எண், பாதிப் பேருக்கு 57, மீதிப் பேருக்கு 59.5. யாருக்கு மதிப்பெண் போடுவது? இன்னொரு தாளில் 54, 68, 73 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. நடு எண் சரி, ஓரங்கள் இரண்டும் தப்பு. எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

விடைக்குறிப்பை இன்னும் இரண்டு பள்ளிக்குத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதில் அந்த ஓரத்துக்கு என்ன பெயர் எழுதுவது? கால்மானம் என்று எழுதினால் பிள்ளைகள் கால்வாசி மரங்களையே குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். "முதல் கால்மானத்தில் 4 மரம் இருக்கு டீச்சர்" என்கிறாள் ஒருத்தி.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, கால்மானத்துக்கு வருவதற்கு முன் தண்டு-இலையைப் பார்க்க வேண்டும். தரவு தென்னையைப் பற்றியது. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை புல். புல்லுக்கு வருவது ஓலையும் ஈர்க்கும். இலை மரத்துக்கு உரியது. ஈர்க்கு நடுவில் நிற்க, ஓலை அதிலிருந்து பக்கவாட்டில் விரிகிறது. உங்கள் படமும் அப்படித்தானே? ஈர்க்கு-ஓலைப் படம் என்று சொல்லிப் பாருங்கள், இங்குள்ள பிள்ளை ஒரு நாளும் மறக்காது.

வாளையாறு, கணினி வேலை

அய்யா, தரவு நாளைக்குப் பேருந்து நேரமாக இருந்தால் ஓலை எங்கே போகும்? தண்டு-இலை போதும். டீச்சரின் கேள்விக்கு விடை எளிது. விரிதாளில் போட்டுப் பார்த்தேன்.

```
=QUARTILE.INC(A1:A15,1)
```

59.5 வருகிறது. ஆக 57 தப்பு. அதற்கு மதிப்பெண் கிடையாது.

பாலக்காடு, புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்

தம்பி, அதே விரிதாளில் `QUARTILE.EXC` என்று மாற்றிப் பாருங்கள். 57 வரும். இரண்டும் தப்பில்லை. எங்கே பிரிகின்றன என்று சொல்கிறேன், சொல்லும் அதிலிருந்தே கிடைக்கும்.

முதலில் படத்தை வரிசைப்படுத்தி எழுதுவோம்.

```
 3 | 9
 4 | 8
 5 | 4 7
 6 | 2 2 6 8
 7 | 1 3 5 9
 8 | 3 6
 9 |
10 | 8
```

திருத்தும்போது முதல் வேலை இலைகளை எண்ணுவது. 15 வர வேண்டும். 62 இரண்டு தடவை வந்தது, ஆகவே இரண்டு 2. ஒன்பதாம் தண்டு காலியாக இருந்தாலும் நிற்க வேண்டும். அதை விட்டுவிட்டால் 108க்கும் 86க்கும் நடுவில் உள்ள வெற்றிடம் கண்ணில் படாது.

நடு எண் எட்டாவது, 68. இதில் சண்டையில்லை. இனி இரு நுனியிலும் முடிச்சு வைத்து, சம இடைவெளியில் 15 முடிச்சு போட்ட ஒரு கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது முடிச்சில் மடியுங்கள். அந்த முடிச்சு இரண்டு பாதிக்கும் பொது. மடித்ததை மறுபடி மடித்தால், மடிப்பு நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் விழும். 57க்கும் 62க்கும் நடுவில் 59.5. மேல் பக்கம் 75க்கும் 79க்கும் நடுவில் 77. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977இல் வெளியிட்ட தம் நூலில் செய்தது இதுதான். அந்த மடிப்புக்கு அவர் வைத்த பெயர் கதவுக் கீல்.

இன்னொரு வழியில் எட்டாவது முடிச்சை வெட்டித் தனியே வைத்துவிடுகிறோம். இரு பக்கமும் ஏழேழு. ஒவ்வொன்றின் நடுவும் நாலாவது: 57, 79. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும்போதுதான் இந்தப் பிரிவே வரும். 14 மரமாக இருந்திருந்தால் கையால் பாதி பிரிக்கும் இந்த இரண்டு வழியும் ஒரே விடை தரும்.

வித்தியாசம் சின்னது என்று தள்ளிவிட முடியாது. கீல் வழியில் பெட்டியின் அகலம் 17.5. அதன் ஒன்றரை மடங்கு 26.25, 77ஓடு கூட்டினால் 103.25. பெட்டியின் ஓரத்திலிருந்து நீளும் கோடான மீசை இந்த எல்லையைத் தாண்டக்கூடாது. 108 காய் கொடுத்த மரம் அதைத் தாண்டுகிறது, மீசைக்கு வெளியே தனிப் புள்ளியாக நிற்கும். மற்ற வழியில் அகலம் 22, ஒன்றரை மடங்கு 33, எல்லை 112. அதே மரம் மீசைக்குள் வந்துவிடுகிறது. ஆகவே பிள்ளை எந்த எண்ணைப் போட்டது என்பதைவிட, முதலில் எடுத்த வழியையே கடைசிவரை பிடித்ததா என்பதுதான் மதிப்பெண். 57, 79 என்று எழுதிவிட்டு 108ஐத் தனிப் புள்ளியாக வைத்தால் அங்கே வெட்டுங்கள்.

54, 68, 73 தாளுக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை தண்டுகளை வரிசையாக எழுதி, இலைகளை நோட்டில் வந்த ஒழுங்கிலேயே விட்டிருக்கிறது. ஐந்தில் 7, 4. ஏழில் 5, 1, 9, 3. நாலாவது இலையை எண்ணினால் 54. பன்னிரண்டாவது 73. எட்டாவதாக 68 வந்தது தற்செயல், ஆறாம் தண்டில் அது கடைசியாகவே இருந்தது. வழி தெரிந்த பிள்ளைதான், ஒரு படியை மட்டும் விட்டுவிட்டது.

கொழிஞ்சாம்பாறை, கணக்கு ஆசிரியை

தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன் சார். ஐந்தாம் தண்டில் 7, 4 என்றுதான் இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னொரு தாளில் இடைநிலை 69.5, ஆனால் ஓரங்கள் 57, 79. இதுவும் அப்படி ஒன்றா?

பாலக்காடு, புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்

ஆமாம். 62ஐ ஒரு தடவைதான் எழுதியிருப்பான். 14 எண்ணாகிவிட்டது. நடு இப்போது 68க்கும் 71க்கும் இடையில் 69.5. கீழ்ப் பாதியின் நடு 57ஆகவே நிற்கிறது, மேல் பாதி மாறவே இல்லை. பெட்டி அப்படியே இருக்க நடுக்கோடு மட்டும் நகர்ந்தால் ஆறாம் தண்டின் இலைகளை எண்ணிப் பாருங்கள்.

குப்பம், கணக்கு ஆசிரியர்

ஆந்திராவில் எங்கள் பக்கம் நிலைமை வேறு. தெலுங்கில் இடைநிலைக்கு மத்யகதம், கூட்டுச் சராசரிக்கு அங்கமத்யமம். உங்கள் மலையாளத்தில் மத்யமம் என்றால் இடைநிலை, சராசரி மாத்யம். தெலுங்குப் பிள்ளையிடம் மத்யமம் என்றால் அது எல்லாவற்றையும் கூட்டி வகுக்க ஆரம்பிக்கும். ஆகவே விடைக்குறிப்பில் இடைநிலை என்பதையாவது மாற்றாமல் வையுங்கள். கால்மானம் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. எல்லைக்கு வெளியே இருக்கிற நாம் புதுச்சொல் செய்தால், நம் பிள்ளை கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போய் நிற்கும்போது யார் மொழிபெயர்ப்பது?

முதலமடை, தோட்டக்காரர், பிள்ளையின் தகப்பன்

வணக்கம். என் மகள் வரைந்த பெட்டியைப் பார்த்தேன். வலது மீசை 79இலிருந்து 108 வரை நீளமாக இருக்கிறது, இடது மீசை குட்டை. அப்படியென்றால் நன்றாகக் காய்க்கிற மரம்தானே அதிகம்? அந்த நாற்றை எங்கே வாங்கினார்கள்?

பாலக்காடு, புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்

இல்லைங்க. இடது மீசையில் 39, 48, 54. வலதில் 83, 86, 108. இரண்டிலும் மூன்று மரம்தான். நீளம் என்றால் மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று பொருள். டீச்சர், நீங்கள் சொன்ன குழப்பமும் இதே குழப்பம்தான். கால்மானம் என்பது ஒரு பங்கு இல்லை, பங்குகளைப் பிரிக்கிற இடம். இலங்கைப் பாடநூல்களில் காலணை என்கிறார்கள். மூலத்தறை அணையை நினையுங்கள். அணை தண்ணீர் இல்லை, இந்தப் பக்கத் தண்ணீரையும் அந்தப் பக்கத் தண்ணீரையும் பிரிக்கிற கோடு. "முதல் காலணையில் 4 மரம்" என்று யாருக்கும் வாயில் வராது. என் வாக்கு காலணைக்கு.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அணைக்குத் தடுப்பு என்றும் பொருள், தழுவிச் சேர்ப்பது என்றும் பொருள். எந்த அணையை நினைத்து அந்தச் சொல்லைச் செய்தார்கள் என்று தெரியாமல் அணைக்கட்டு என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் மானம் வடசொல், அதைவிட இது நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

கீல் பற்றி ஒரு வார்த்தை. கீல்வாயு என்கிறோம், மூட்டுதான் கீல். இது தமிழே என்பது என் கருத்து. வடமொழியில் முளைக்குச்சியைக் குறிக்கும் கீலம் இருக்கிறது, அதிலிருந்து வந்தது என்பார்கள். மூட்டு வேறு, முளை வேறு. நம் ஊர்த் தச்சரோ இதை விஜாகிரி என்கிறார். அது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். ஆகவே மடிப்பு வழியில் வரும் 59.5க்குக் கீல், வெட்டு வழியில் வரும் 57க்குக் காலணை என்று இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்ளலாமே. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல்.

வாளையாறு, கணினி வேலை

57 தப்பு என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு சொல் வேண்டாம் அய்யா. கால்மானம் ஒன்று போதும். தேடினால் கிடைக்கிற சொல் அதுதான்.

குப்பம், கணக்கு ஆசிரியர்

நானும் கால்மானம். கூடவே ஒன்று. ஐந்து எண்ணையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அச்சில் 39, 57, 68, 79, 108 என்று சம தூரத்தில் எழுதுகிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய. எண்ணை மட்டும் பார்த்துத் திருத்தினால் அது தப்பிவிடும். அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை, கணக்கு ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கால்மானம்தான் அதிகம் பேர் சொன்னது, விடைக்குறிப்பில் அதையே எழுதிவிட்டேன். பக்கத்தில் "இது பங்கு அன்று, பங்கு பிரியும் இடம்" என்று ஒரு வரி. 57, 79 அல்லது 59.5, 77, எந்த ஜோடி வந்தாலும் முழு மதிப்பெண். 108 அந்த ஜோடிக்கு ஏற்ற இடத்தில் நிற்க வேண்டும். 10 காய்க்கு ஒரு செண்டிமீட்டர் என்று அச்சு போடச் சொல்லியிருந்தேன், ஒரு காய்க்கு ஒரு மில்லிமீட்டர் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் வரை தள்ளியிருந்தால் விட்டுவிடுகிறேன்.

54, 68, 73 எழுதியவளை நாளைக்குக் கூப்பிட்டு ஐந்தாம் தண்டை மட்டும் காட்டப் போகிறேன். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

பாலக்காடு, புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்

நல்லது. ஆனால் அந்த ஒரு வரியை ஒவ்வொரு வருடமும் பக்கத்தில் எழுத வேண்டியிருக்கும் டீச்சர். காலணை என்று வைத்தால் எழுத வேண்டாம். என் வாக்கை மாற்றவில்லை.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஈர்க்கு-ஓலை பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை தனியாக எழுதுகிறேன்.